பிரஷர் கேஜும் மூன்று தமிழ்ச் சொற்களும்

என் தங்கை மகன் துவாக்குடியில் ஒரு சிறு பட்டறையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். பாய்லர் வேலைக்கு வேண்டிய குழாய்களையும் சிறு தொட்டிகளையும் வெல்டிங் செய்து கொடுக்கும் பட்டறை. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் தொழிற்சாலை வந்ததிலிருந்து அந்தப் பகுதியில் இப்படிப் பட்டறைகள் பெருகின. சென்ற ஆண்டு ஸ்ரீரங்கம் வந்தபோது பதினோரு பக்க ஆங்கிலக் காகிதம் ஒன்றை என்னிடம் கொடுத்தான். பிரஷர் கேஜைக் கேலிபரேஷன் செய்யும் முறை. "மாமா, இதைத் தமிழ்ல எழுதிக் கொடுங்க. மேஜையில வேலை செய்யற பசங்க படிச்சுப் புரிஞ்சுக்கணும். இப்ப பார்த்துப் பார்த்து மனப்பாடமாத்தான் செய்யறாங்க" என்றான்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தர். இயந்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் காகிதம் தெரியும். ஒரு சொல்லைத் தளர்வாக எழுதினால் கீழே இருப்பவர் எப்படி வேலை செய்வார் என்பதும் தெரியும். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் பட்டறைக்குப் போய் மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் கேஜ் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வட்டமான டயல், அதில் ஒரு முள். உள்ளே கேள்விக்குறி போல வளைந்த, சற்றுத் தட்டையான உலோகக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அந்த வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்தலைச் சிறு பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகும். பாரிசில் கடிகாரத் தொழிலும் பொறியியலும் தெரிந்த எழேன் பூர்தோன் என்பவர் 1849இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தட்டையாகிப்போன ஒரு சுருள் குழாயைச் சரிசெய்ய உள்ளே அழுத்தம் கொடுத்தபோது அது தானே நிமிர்வதைக் கண்டு இந்த யோசனை பிறந்தது என்பார்கள்.

அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்கிறார்கள். நம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அந்த உயரத்துக்கு ஒரு குழாயை நிறுத்தி நீர் நிரப்பினால் அடியில் சுமார் 7 பார் அழுத்தம் இருக்கும். பட்டறையில் ஒரு தொட்டியை 40 பாருக்கு நீர் ஏற்றிச் சோதிக்கிறார்கள் என்றால் ஐந்து கோபுரத்துக்கு மேல் அடுக்கிய நீர் அந்த வெல்டிங்கைத் தள்ளுகிறது. அந்த 40 என்பதை நமக்குச் சொல்வது இந்த முள் ஒன்றுதான்.

பதினோரு பக்கத்தில் என்னை நிறுத்தியவை மூன்று இடங்கள். மற்றதெல்லாம் ஓடிவிட்டது.

முதல் இடம் தலைப்பிலேயே இருந்தது. கேலிபரேஷன் என்பதற்குப் புத்தகங்களில் 'அளவுத்திருத்தம்' என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'திருத்தம்' என்று படித்தவன் கை என்ன செய்யும்? திருத்தத்தான் போகும். முள் 2 பார் அதிகம் காட்டினால் அதைக் கழற்றிச் சரியான இடத்தில் மாட்டிவிட்டு, 'சரியாக உள்ளது' என்று எழுதிவிடும். ஒரு பட்டறையில் அப்படித்தான் நடந்துவந்தது என்று தங்கை மகன் சொன்னான்.

அதில் என்ன கெட்டது என்று நான் கேட்டேன். அவன் விளக்கினான். அந்தக் கேஜ் 2 பார் அதிகம் காட்டிக்கொண்டிருந்தது என்றால், போன தடவை பார்த்ததற்குப் பிறகு அதை வைத்து '40 பார்' என்று சோதித்த தொட்டிகளுக்கு உண்மையில் 38 பார்தான் கிடைத்திருக்கிறது. எவை எவை என்று தேடிப்பிடித்து மறுபடி சோதிக்க வேண்டும். பழைய எண்ணை எழுதாமல் முள்ளைத் திருப்பிவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே புதைந்துபோகும். இன்னொன்று, முள்ளைக் கழற்றி மாட்டினால் டயலில் எல்லா இடமும் ஒரே அளவு நகரும். 40இல் மட்டும் அதிகம் காட்டிய கேஜை 40இல் சரிசெய்தால் பூஜ்யம் கெட்டுப்போகும். சில கேஜ்களில் பூஜ்யத்தில் ஒரு சிறு தடுப்பு ஊசி உண்டு. முள் அதன்மேல் சாய்ந்து நிற்பதால் பூஜ்யம் கெட்டதும் கண்ணுக்குத் தெரியாது.

பிரெஞ்சில் இதற்கு 'எத்தலோனாழ்' என்பார்கள். 'எத்தலோன்' என்றால் ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் மூல அளவு. (அதே சொல்லுக்குப் பொலிகுதிரை என்றும் பொருள் உண்டு. பள்ளியில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.) ஆகவே அந்தச் சொல்லில் மூலத்தோடு சேர்த்துப் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது, திருத்துவது இல்லை. திருத்துவதற்கு 'அழுஸ்தாழ்' என்று தனிச் சொல் இருக்கிறது.

தமிழில் அப்படி ஒரு சொல்லுக்கு நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. தட்டச்சு நகலை மூலத்தோடு வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பதை அலுவலகத்தில் 'ஒப்புநோக்குதல்' என்போம். ஒப்புநோக்குகிறவர் வித்தியாசத்தைக் குறிப்பார். திருத்துவது அதற்குப் பிறகு, தனியாக, சுருக்கொப்பத்தோடு நடக்கும். ஆகவே 'கேலிபரேஷன், அதாவது மூல அளவோடு ஒப்புநோக்குதல்' என்று எழுதினேன். அதன் கீழே ஒரு வரி: 'முதலில் உள்ளது உள்ளபடி எல்லாப் புள்ளிகளையும் எழுதவும். திருத்துவதானால் அதன் பிறகு திருத்தி, மறுபடி எல்லாப் புள்ளிகளையும் எழுதவும்.' பையன்கள் வாயில் கேலிபரேஷன்தான் வரும், வரட்டும்.

இரண்டாவது இடம் 'துல்லிய வகுப்பு'. டயலின் அடியில் சின்னதாக 1.0 என்றோ 1.6 என்றோ அச்சிட்டிருக்கும். 1.0 என்றால் வகுப்பு ஒன்று, 1 சதவீதம் வரை பிழை அனுமதி. இதைப் படித்த எவரும் 40 பாரில் 1 சதவீதம், ஆகவே 0.4 பார் என்றுதான் கணக்குப் போடுவார்கள். நானும் பக்கத்து வீட்டுக்காரரிடம் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். வங்கியில் மேலாளராக இருந்தவர், உடனே '0.4' என்றார்.

அது அப்படி இல்லை. அந்த 1 சதவீதம் முள் காட்டும் எண்ணில் இல்லை. டயலின் முழு வீச்சில். 0 முதல் 100 பார் வரை உள்ள கேஜ் என்றால் டயலில் எந்த இடத்திலும் 1 பார் கூடவோ குறையவோ காட்டலாம். 40இலும் அதே 1 பார், 10இலும் அதே 1 பார். 0 முதல் 250 வரை உள்ள கேஜை அதே வகுப்பில் வாங்கினால் எங்கும் 2.5 பார். 40 பார் சோதனைக்கு அதை மாட்டினால் 37.5ஆகவும் இருக்கலாம், 42.5ஆகவும் இருக்கலாம். இரண்டும் அந்த வகுப்புக்கு உட்பட்டவைதான். நூற்றுக்கு ஒன்று என்று நினைத்தவருக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஆறுக்கு மேல்.

இதற்காகத்தான் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக்கலன் விதியில் கேஜின் வீச்சு சோதனை அழுத்தத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருக்கட்டும், ஒன்றரை மடங்குக்குக் குறையவும் நான்கு மடங்குக்கு மிஞ்சவும் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். 40 பாருக்கு 100 பார் கேஜ் பொருந்தும். 250 பார் கேஜ் ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அலமாரியில் அதுதான் கையில் அகப்பட்டது என்பதற்காக மாட்டக்கூடாது.

ஆங்கிலத்தில் இதெல்லாம் 'முழு வீச்சின் சதவீதம்' என்ற ஒரு சுருக்கத்தில் அடங்கிவிடுகிறது. அதை அப்படியே தமிழில் வைத்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே சதவீதத்தையே எடுத்துவிட்டு எண்ணாக எழுதினேன்: 'வகுப்பு 1, வீச்சு 0–100 பார்: டயலில் எந்த இடத்திலும் அனுமதித்த பிழை 1 பார். வகுப்பு 1, வீச்சு 0–250 பார்: டயலில் எந்த இடத்திலும் அனுமதித்த பிழை 2.5 பார்.' பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு வகைக் கேஜுக்கும் ஒரு வரி. படிப்பவன் கணக்குப் போட வேண்டாம்.

'துல்லியம்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. எப்போது பார்த்தாலும் 42 என்றே காட்டும் கேஜ், உண்மை 40 என்றால், துல்லியமானதா? நாம் இரண்டு விதமாகவும் பதில் சொல்வோம். பிரெஞ்சில் மாறாமல் ஒன்றையே சொல்லும் குணத்துக்கு 'ஃபிதெலித்தே' என்பார்கள், விசுவாசம் என்று அர்த்தம். உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதற்கு 'எக்ஸாக்தித்யூத்'. இந்தக் கேஜ் விசுவாசமானது, ஆனால் உண்மை சொல்லவில்லை. நான் வகுப்புக்கு மட்டும் 'துல்லியம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, மற்றதற்கு 'மாறாமல் காட்டுதல்' என்று எளிமையாக எழுதினேன்.

நடுவில் வேலை முறை வருகிறது. கேஜையும் கருவியையும் ஒரே அறையில் முன்கூட்டியே வைத்து வெப்பநிலை ஒன்றாகட்டும் என்று காத்திருக்கிறார்கள். பிறகு கேஜைச் செங்குத்தாக மாட்டி, முழு அளவு வரை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குகிறார்கள். அது சும்மா கிடந்த குழாயின் சோம்பலை முறிப்பது மாதிரி. அப்புறம் 0, 20, 40, 60, 80, 100 என்று ஏறும்போது ஒருமுறை எழுதுகிறார்கள். இறங்கும்போது அதே புள்ளிகளில் மறுபடி. ஒவ்வொரு புள்ளியிலும் சற்று நிறுத்தி, பற்சக்கரத்தின் உராய்வில் முள் ஒட்டிக்கொள்ளாதபடி விரல் நுனியால் மெல்லத் தட்டி, முள்ளுக்கு நேரே கண்ணை வைத்துப் படிக்கிறார்கள். 'தட்டப்படுதல் வேண்டும்' என்று நம் அலுவலக நடையில் எழுதினால் யார் தட்டுவது என்று தெரியாது. 'தட்டவும்' என்று எழுதினேன்.

இந்தப் பகுதியில் 'பிழை' என்ற சொல்லுக்கு ஒரு வரி சேர்த்தேன்: 'இது கேஜின் பிழை; அளப்பவரின் பிழை இல்லை.' ஏனென்றால் பிழை என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் எண்ணை எழுத இளைஞன் கை தயங்குகிறது. 0.4 என்று வருவதைப் பூஜ்யமாக்கி எழுதிவிட்டால் நல்ல பெயர் என்று நினைக்கிறான்.

மூன்றாவது இடத்தில்தான் அதிக நாள் உட்கார்ந்தேன். சான்றிதழின் கடைசியில் ஒரு வரி வரும். ஆங்கிலத்தில் 'அன்சர்டன்டி', பிரெஞ்சில் 'அன்செர்த்தித்யூத்'. 'சந்தேகம்' என்று எழுதலாமா என்று தங்கை மகனிடமே கேட்டேன். அவன் மேஜையில் இருந்த மூத்த தொழிலாளியிடம் கேட்டான். அவர் சொன்ன பதில்: "சந்தேகம் இருந்தா எதுக்குங்க சர்டிபிகேட் கொடுக்கறீங்க?" அதோடு அந்தச் சொல் போயிற்று.

நம் பேச்சில் 'ஏறக்குறைய' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. கூட்டல் கழித்தல் குறி இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பு சொல்லும் 1 பாருக்கும் அதே கூட்டல் கழித்தல் குறிதான். இரண்டுக்கும் 'ஏறக்குறைய' என்று எழுதினால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடும். வகுப்பு என்பது கேஜ் செய்தவர் கொடுத்த வாக்கு. பிழை என்பது இன்றைக்கு நாம் கண்ட வித்தியாசம். மூன்றாவது, நாம் கண்டதைப் பற்றி நமக்கு எவ்வளவு உறுதி என்பது. இவற்றை வேறு வேறாக வைக்க வேண்டும்.

பிழைக்கும் இந்த மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு எனக்கே ஓர் எடைக்கல்லைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மூல அழுத்தத்தைக் கொடுக்கும் கருவியை டெட் வெயிட் டெஸ்டர் என்கிறார்கள். எண்ணெய் மேல் நிற்கும் ஒரு பிஸ்டன், அதன்மேல் அடுக்கும் வட்ட எடைக்கற்கள். இத்தனை கல் வைத்தால் இத்தனை பார். ஆனால் கல் அழுத்துவது பூமி இழுப்பதால். அந்த இழுவிசை எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. உலகத்துக்குப் பொதுவாக வைத்த எண் 9.80665. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் திருச்சியில் அது சுமார் 9.78தான். பொது எண்ணுக்கென்று செய்த கற்களை இங்கே வைத்தால் சுமார் கால் சதவீதம் குறைவாகத்தான் அழுத்தும். 100 பார் என்று பொறித்த கற்களுக்கு 99.75 பார்தான் வரும். வகுப்பு 1 கேஜுக்கு அனுமதித்த 1 பாரில் கால் பங்கு இதிலேயே போய்விடும்.

இது தெரிந்த வித்தியாசம். கணக்கிட்டுத் திருத்திவிடலாம், திருத்தியே ஆகவேண்டும். சில கருவிகளின் கற்களை வாங்கும் ஊருக்கு ஏற்றபடியே செய்து தருகிறார்கள். எந்த எண்ணுக்குச் செய்தது என்று கருவியின் சான்றிதழில் இருக்கும். அதைப் பார்க்காமல் திருத்தினால் இரட்டைத் திருத்தம் ஆகிவிடும். தெரிந்ததையெல்லாம் இப்படித் திருத்திய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முள்ளை இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்ணால் படிப்பதில் உள்ள தடுமாற்றம், ஒரே புள்ளியை மூன்று தடவை ஏற்றினால் மூன்று விதமாக வருவது, மூலக் கருவிக்கே அதன் சான்றிதழ் சொல்லும் அளவு. இவற்றைத் திருத்த முடியாது. எவ்வளவுக்குள் இருக்கும் என்று மட்டும் சொல்ல முடியும். அந்த மிச்சம்தான் இந்த மூன்றாவது சொல்.

கடைசியில் 'அளவீட்டின் நிச்சயமின்மை' என்றே எழுதினேன். சொல் கொஞ்சம் கனம்தான். அதனால் சொல்லைத் தனியாக விடாமல் அதன் கீழே வாக்கியமாக எழுதினேன்: 'நாம் எழுதிய பிழைக்கு இருபுறமும் 0.3 பாருக்குள் உண்மையான பிழை இருக்கிறது என்று நூற்றுக்குச் சுமார் 95 பங்கு நம்பிக்கையோடு சொல்கிறோம்.' ஆங்கிலத்தில் அங்கே k = 2 என்று ஒரு குறி இருக்கிறது. சேர்த்துக் கணக்கிட்ட தடுமாற்றத்தை இரண்டால் பெருக்கி விரித்தோம் என்று பொருள். பிரெஞ்சில் அந்த எண்ணுக்கு 'விரிக்கும் காரணி' என்ற பொருளில்தான் பெயர். தமிழிலும் 'விரிவு எண் 2' என்று வைத்தேன்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா என்று கேட்பீர்கள். நான் பக்கத்தில் இருந்தபோதே ஒரு கேஜ் வந்தது. 0–100 பார், வகுப்பு 1. 60 பார் புள்ளியில் ஏறும்போது 60.4 காட்டியது, இறங்கும்போது 60.8. மற்ற இடங்களில் இதைவிடக் குறைவு. ஆக, மிகப் பெரிய பிழை 0.8. அனுமதி 1. தேறிவிட்டது என்று பையன் முத்திரையை எடுத்தான்.

தங்கை மகன் நிறுத்தினான். நிச்சயமின்மை 0.3. அப்படியானால் உண்மையான பிழை 0.5இலிருந்து 1.1 வரை எங்கும் இருக்கலாம். 1.1 என்றால் தேறவில்லை. இப்போது என்ன செய்வது? சோதனைக்கூடங்களுக்கான 17025 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, தேறியது தேறவில்லை என்று சான்று கொடுப்பதானால் எந்த விதியின்படி முடிவு செய்கிறோம் என்பதை எழுதி வைத்து, வாடிக்கையாளரோடு ஒத்துக்கொள்ளச் சொல்கிறது. 0.8 என்பது 1க்குள் இருந்தால் போதும் என்று ஒரு விதி வைக்கலாம். நிச்சயமின்மையை முன்னாலேயே கழித்து, 0.7க்குள் இருந்தால்தான் தேறும் என்று கடுமையான விதியும் வைக்கலாம். முதல் விதியில் அந்தக் கேஜ் தேறும், இரண்டாவதில் தேறாது. இரண்டும் நேர்மையானவைதான். கேஜைப் பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்மை கெட்டது.

தொட்டி சோதிக்கும் கேஜுக்கு 0.7 என்றும், கம்ப்ரெசர் காற்றுக் குழாயில் மாட்டும் கேஜுக்கு 1 என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். அந்தக் கேஜ் கம்ப்ரெசருக்குப் போனது. தமிழ்ப் பிரதியில் அதை மேஜைக்கு எதிரே ஒட்டும்படி தனிப் பக்கமாகவே எழுதிக் கொடுத்தேன். பதினோரு பக்கம் பதினான்கு பக்கமாகிவிட்டது.

பட்டறையில் வேலை பார்த்த நண்பர்கள் இதைப் படித்தால், கேஜில் முள் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாகக் காட்டுவதற்கு உங்கள் இடத்தில் என்ன சொல் வழங்கியது என்று எழுதுங்கள். நான் 'ஏற்ற இறக்க வேறுபாடு' என்று எழுதியிருக்கிறேன். அதைவிடச் சின்னதாக ஒரு சொல் யார் வாயிலாவது இருக்கும்.